முதலாளியின் வாய்ஸ் நோட்டை இங்கிலீஷ் மெயிலாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க முதலாளி மூணு நிமிஷம் மூச்சு விடாமப் பேசி அனுப்புறார். எழுத்தா மாத்திப் பார்த்தா தலையும் தெரியல, வாலும் தெரியல. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

வாலிலிருந்து ஆரம்பியுங்கள். தமிழில் ஒரு விஷயத்தைச் சொல்பவர் நடந்த கதையை முதலில் சொல்வார், காரணத்தை அடுத்துச் சொல்வார், 'அதனால இதைக் கேட்டுச் சொல்லு' என்பதைக் கடைசியில்தான் சொல்வார். ஹாம்பர்க்கில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு நூறு மெயில் பார்க்கிற, நம்மிடம் சரக்கு வாங்கும் பையருக்கு அந்தக் கடைசி வரிதான் முதலில் வேண்டும்.

நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் பையரோடு ஆர்டர் விஷயங்களைப் பேசும் மெர்ச்சண்டைசர். முதலாளி காரில் போகும்போது வாய்ஸ் நோட் போடுவார். அதை போன் எழுத்தாக்கித் தரும், நான் மெயிலாக்கி அனுப்புவேன். விளக்குவதற்கு வசதியாக ஒரே ஒரு நோட்டை எடுத்துக்கொள்கிறேன். 2025 ஜூன் 10, செவ்வாய்க்கிழமை காலை வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் தந்த எழுத்து இப்படி இருந்தது, புள்ளி கமா எதுவும் இல்லாமல்:

> தம்பி அந்த ஹாம்பர்க் மேடத்துக்கு ஒரு மெயில் போட்டுரு என்னன்னா நம்ம நேவி டீசர்ட் இருக்குல்ல எட்டாயிரம் பீஸ் அது வந்து மழைனால இல்ல மழைனால இல்ல பாய்லர் ரிப்பேர்னால டையிங்ல லேட்டாயிருச்சு நேத்து சாயங்காலம்தான் துணியே குடுத்தான் அதுலயும் ரெண்டு ரோல் ஷேடு அடிக்குது திருப்பி அனுப்பிட்டோம் நாளன்னைக்கு வந்துரும்ங்கறான் வெள்ளையில பிரச்சனை இல்ல நாலாயிரமும் பேக்கிங் முடிஞ்சிருச்சு பதினஞ்சாம் தேதி குடுக்கறதா சொல்லியிருந்தோம் இல்ல இல்ல பதினெட்டு பதினெட்டாம் தேதி நேவி ஒரு வாரம் தள்ளும் இருபத்தஞ்சு குடுத்தறலாம் அவங்க சரின்னா வெள்ளைய மட்டும் பதினெட்டு ஏத்திறலாம் இல்லன்னா ரெண்டையும் சேத்து ஏத்தலாம் கேட்டுச் சொல்லு வியாழக்கிழமைக்குள்ள சொன்னாத்தான் புக்கிங் போட முடியும் அப்புறம் அந்த கார்ட்டன் ஸ்டிக்கர் அப்ரூவல் இன்னும் வரலாம் போன வாரமே கேட்டோம் அதக் கொஞ்சம் பாத்து அனுப்பச் சொல்லு ஏர்ல அனுப்பச் சொல்லிருவாங்களோன்னு பயமா இருக்கு அதெல்லாம் எழுதாத சரியா

இதில் பையர் செய்ய வேண்டியது எது என்று மட்டும் முதலில் தேடுங்கள். இரண்டுதான் இருக்கின்றன. வெள்ளையைத் தனியாக அனுப்பலாமா என்று வியாழனுக்குள் சொல்ல வேண்டும், கார்ட்டன் ஸ்டிக்கருக்கு ஒப்புதல் தர வேண்டும். இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு மேலே போங்கள். மீதி எல்லாம் இந்த இரண்டுக்கும் துணையாக வருகிறதா என்று பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும்.

போன் எழுதித் தந்ததை அப்படியே நம்பலாமா? பெரும்பாலும் சரியாத்தான் இருக்கு.

பெரும்பாலும் சரியாக இருப்பதுதான் சங்கடம். ஒரு வாக்கியம் முழுக்கக் குளறுபடியாக இருந்தால் நாமே நின்று திரும்பக் கேட்போம். ஒரே ஒரு எழுத்து மாறி, வாக்கியம் பார்க்க நன்றாக இருந்தால் கண் தாண்டிப் போய்விடும். மேலே உள்ள நோட்டில் 'அப்ரூவல் இன்னும் வரலாம்' என்று இருக்கிறதே, அவர் பேசியது 'இன்னும் வரல'. அடுத்த சொல் 'போன' என்று தொடங்குவதால் கார் சத்தத்தில் ஏதோ ஓர் ஒலி கூடி ஒட்டிக்கொண்டது. 'வரவில்லை' என்பது 'வரக்கூடும்' என்று ஆகிவிட்டது. நல்லவேளை, பக்கத்திலேயே 'இன்னும்' என்ற சொல்லும் 'போன வாரமே கேட்டோம்' என்ற புகாரும் இருப்பதால் பிடிபடுகிறது.

தமிழில் பொருளைத் தலைகீழாக்குவது எல்லாம் வினைச்சொல்லின் வாலில்தான் இருக்கிறது. 'வந்துருச்சு' என்றால் செய்தி, 'வந்துருச்சா' என்றால் கேள்வி. வித்தியாசம் கடைசி உயிரொலி மட்டுமே. பேசுகிறவர் வாக்கியத்தின் முடிவில் குரலை இறக்குவார், அங்கேதான் ஒலி தெளிவில்லாமல் போகும். 'முடியல' என்றால் மறுப்பு, 'முடியும்ல' என்றால் 'முடியும் அல்லவா' என்று உறுதி கேட்பது. இதனால் நான் முழு நோட்டையும் திரும்பக் கேட்பதில்லை. எழுத்தில் வினைமுற்றுகளுக்கு மட்டும் கோடு போட்டு, அந்த இடங்களை மட்டும் காதில் ஹெட்போன் வைத்துக் கேட்பேன். மூன்று நிமிட நோட்டுக்கு ஐந்து நிமிடம் போதும்.

எண்களையும் காதால் கேட்க வேண்டும். தொண்ணூறும் தொள்ளாயிரமும், அறுபதும் அறுநூறும் சத்தத்தில் ஒன்றுபோல விழும். கேட்டு முடித்த பிறகும் நம்பாமல் பிஓவை, அதாவது பையர் தந்த ஆர்டர் தாளை, எடுத்து வைத்துச் சரிபாருங்கள். நேவி 8,000, வெள்ளை 4,000 என்று பிஓவில் இருந்தால்தான் அது எண். அவர் வாயில் வந்தது நினைவிலிருந்து வருவது.

'இல்ல'ன்னு நாலஞ்சு தடவை வருது. எது உண்மையான மறுப்பு, எது சும்மா வாயில வர்றது?

இந்த நோட்டில் 'இல்ல' மூன்று வேலை செய்கிறது. 'வெள்ளையில பிரச்சனை இல்ல' என்பது நேரான மறுப்பு. 'பதினஞ்சாம் தேதி ... இல்ல இல்ல பதினெட்டு' என்பது தன்னைத் தானே திருத்திக்கொள்வது. இப்படித் திருத்தும்போது முன்னால் சொன்னதை முழுசாக அடித்துவிட வேண்டும், பதினைந்து என்ற எண் மெயிலில் எங்கேயும் வரக்கூடாது. 'மழைனால இல்ல மழைனால இல்ல பாய்லர் ரிப்பேர்னால' என்பதில் இரண்டும் சேர்ந்து வருகிறது. அவர் முதலில் மழை என்று தொடங்கினாரா, அல்லது பையர் மழை என்று நினைத்துக்கொள்வார் என்பதற்காக மறுக்கிறாரா என்பது எழுத்தில் தெரியாது. எப்படி இருந்தாலும் மெயிலுக்கு வேண்டியது பாய்லர் மட்டும்தான். மழை காரணமில்லை என்று எழுதினால், கேட்காத ஒருவருக்கு எதற்காக மழையைப் பற்றிச் சொல்கிறார்கள் என்ற யோசனைதான் வரும்.

நான்காவதாக ஒன்று உண்டு, இந்த நோட்டில் இல்லை. 'இல்ல, நான் என்ன சொல்றேன்னா' என்று பேச்சைத் தொடங்குவது. அதற்கு மறுப்பும் கிடையாது, பொருளும் கிடையாது. 'வந்து', 'என்னன்னா', 'பாத்தீங்கன்னா' ஆகியவற்றோடு சேர்த்து எடுத்துவிடுங்கள். 'வந்து'வை எடுக்கும்போது மட்டும் ஒரு கண் இருக்கட்டும். 'அது வந்து லேட்டாயிருச்சு' என்பதில் அது வெறும் இழுவை. 'துணி வந்து ரெண்டு நாளாச்சு' என்பதில் அது உண்மையான வருகை.

'இருபத்தஞ்சு குடுத்தறலாம்'னு சொல்லிட்டாரே, அப்போ 25ன்னு எழுதிட வேண்டியதுதானே?

இல்லை. இந்த வேலையில் அதிகமாகக் காயப்படுத்துவது இந்த '-லாம்'தான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

'குடுத்தறலாம்' என்ற ஒரே சொல்லுக்குப் பேச்சில் நான்கு பொருள் உண்டு. கொடுக்க முடியும் என்ற திறன், கொடுக்கலாமே என்ற யோசனை, கொடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதி, 'அதெல்லாம் ஆயிரும், கவலைப்படாதே' என்ற ஆறுதல். தமிழ் கேட்கும் ஆளுக்குக் குரலிலிருந்தே எது என்று தெரியும். தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு நாள் முன்னே பின்னே ஆகும் என்று அவரே மனதில் கூட்டிக்கொள்வார். இங்கிலீஷில் இதை எழுதும்போது நாம் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்:

```
We will deliver on 25 June.
We can deliver on 25 June.
We expect to deliver on 25 June.
We could deliver on 25 June.
```

முதல் வரி வாக்கு. பையர் அதை வைத்துக் கடைக்குச் சரக்கு வரும் வாரத்தைக் குறித்துவிடுவார். தாமதமானால் கப்பலுக்குப் பதிலாக விமானத்தில் அனுப்பச் சொல்லி, கூலியை நம் தலையில் வைப்பார். இரண்டாவது வரி திறன், மூன்றாவது எதிர்பார்ப்பு, நான்காவது வெறும் யோசனை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லா '-லாம்'களையும் முதல் வரியாகவே எழுதினேன், மெயில் உறுதியாக இருக்க வேண்டும் என்ற ஆசையில். அப்படி ஒரு தடவை 'அனுப்பிறலாம்' என்று அவர் ஆறுதலுக்குச் சொன்னதை நான் தேதியோடு வாக்காக எழுதி, அது நடக்காமல், நிறுவனம் விமானக் கூலி கட்டியது. அன்றிலிருந்து '-லாம்' வந்த இடத்தில் தேதியும் இருந்தால் கேட்காமல் எழுதுவதில்லை.

இந்த நோட்டுக்கும் கேட்டேன். 'அண்ணா, நேவி 25ன்னு கமிட் பண்ணட்டுமா? லேட்டானா அவங்க ஏர்ல கேப்பாங்க.' அவ்வளவுதான். பத்து நொடி கழித்துப் பதில் வந்தது: 'இருபத்தேழுன்னு போட்டுரு.' பேச்சில் 25 ஆக இருந்தது, வாக்கு என்று வந்ததும் 27 ஆனது. இரண்டு நாள் வித்தியாசம். அந்த இரண்டு நாளும் 'குடுத்தறலாம்' என்ற சொல்லுக்குள்ளேயேதான் இருந்தன, கேட்டதால் வெளியே வந்தன.

'பாக்கலாம்', 'பாக்கறேன்' இரண்டும் இன்னும் சிக்கல். வெளியாள் கேட்டதற்கு நம்ம ஊரில் 'பாக்கலாம்' என்று பதில் சொன்னால் பாதிக்கு மேல் அது 'முடியாது' என்பதன் மரியாதையான வடிவம். அதை `We will look into it` என்று எழுதினால் பையர் பதிலுக்காகக் காத்திருப்பார். முதலாளியிடம் கேட்டு, முடியாது என்றால் முடியாது என்றே எழுதி, அடுத்து என்ன முடியும் என்பதைச் சேர்ப்பதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

'ஏத்திறலாம்'னா ஷிப் பண்றதுதானே? அதுல என்ன குழப்பம்?

எங்கள் முதலாளிக்கு ஏற்றுவது என்றால் கம்பெனி வாசலில் நிற்கும் வண்டியில் பெட்டியை ஏற்றுவது. வண்டி தூத்துக்குடி போக வேண்டும், அங்கே கஸ்டம்ஸ் முடிய வேண்டும், கொழும்பு வழியாகப் போவதாக இருந்தால் சின்னக் கப்பலில் கொழும்பு போய் அங்கே பெரிய கப்பல் மாற வேண்டும். பையர் `ship` என்ற சொல்லைப் படித்தால் கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் தேதி என்று எடுத்துக்கொள்ள முழு வாய்ப்பும் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் பல நாள் வித்தியாசம் வரலாம்.

இதற்குச் சிரமமே இல்லாத வழி, அந்தச் சொல்லையே தொடாமல் கண்ணால் பார்க்கிற காட்சியை எழுதுவது: `will leave our factory on 18 June`. இதை இரண்டு விதமாகப் படிக்க முடியாது. ஆர்டரின் நிபந்தனையில் தேதி எந்த இடத்தைக் குறிக்கிறது என்பதையும் பிஓவில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அங்கே கப்பல் கிளம்பும் தேதிதான் கேட்டிருக்கிறார்கள் என்றால் முதலாளி சொன்ன தேதி போதாது, கப்பலில் இடம் பிடித்துச் சரக்கை அனுப்பித் தரும் ஃபார்வர்டரிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். எங்கள் ஆர்டரில் கம்பெனியை விட்டு வெளியேறும் தேதிதான் இருந்தது, அதனால் 18 அப்படியே நின்றது.

'குடுக்கறது'ம் இதே கதைதான். டையிங்காரர் துணி 'குடுத்தான்', நாம் பையருக்குச் சரக்கு 'குடுக்கறோம்', ஸ்டிக்கருக்கு அவர்கள் ஒப்புதல் 'குடுக்கணும்'. ஒரே வினை, மூன்று வேறு செயல்கள். ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷில் தனித்தனிச் சொல் போடுங்கள்.

நேத்து, நாளன்னைக்கு, போன வாரம்... இதையெல்லாம் எப்படி எழுதறது?

எல்லாவற்றையும் தேதியாக்குங்கள், ஆனால் நோட் பேசிய நாளை வைத்துக் கணக்கிடுங்கள், நீங்கள் எழுதும் நாளை வைத்து அல்ல. ஜூன் 10 காலையில் பேசியது என்பதால் 'நேத்து' ஜூன் 9, 'நாளன்னைக்கு' ஜூன் 12. வியாழக்கிழமையும் ஜூன் 12தான். 'போன வாரமே கேட்டோம்' என்பதற்கு அனுப்பிய மெயில்களைத் தேடினேன், ஜூன் 4 அன்று ஸ்டிக்கர் டிசைனை அனுப்பியிருக்கிறோம். அந்தத் தேதியைப் போட்டால் பையர் தன் பெட்டியில் தேடி எடுத்துவிடுவார், 'போன வாரமே கேட்டோமே' என்ற குறையும் தேவைப்படாது.

தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். 6/7 என்று போட்டால் நமக்கு ஜூலை 6, அமெரிக்காவில் இருப்பவருக்கு ஜூன் 7.

'எட்டு நாள்', 'பதினஞ்சு நாள்' என்று வந்தால் எண்ணிக்கொண்டு இருக்காதீர்கள். பேச்சில் அவை பெரும்பாலும் ஒரு வாரத்தையும் இரண்டு வாரத்தையும்தான் குறிக்கும். எந்தத் தேதி என்று கேட்டுவிடுங்கள். லட்சம், கோடியும் அப்படித்தான், ஒன்றரை லட்சம் என்றால் 150,000 என்று முழு எண்ணாக எழுதினால் வெளிநாட்டில் இருப்பவர் தடுமாற மாட்டார்.

'வந்துரும்ங்கறான்', 'அவங்க சரின்னா'... யார் யார்னே புரியல. இங்கிலீஷ்ல ஹீயா ஷீயா?

முதலில் 'ங்கறான்' என்பதைக் கவனியுங்கள். வந்துவிடும் என்று சொல்வது நாம் அல்ல, டையிங்காரர். நாம் அதைக் கேட்டுச் சொல்கிறோம். மெயிலில் இதை `The fabric will arrive on 12 June` என்று எழுதினால் டையிங்காரர் சொன்னதற்கு நாம் ஜாமீன் போட்ட மாதிரி ஆகிவிடும். எழுதத்தான் வேண்டும் என்றால் யார் சொன்னது என்பதோடு எழுதுங்கள், `The dyeing unit says` என்று தொடங்கி.

'அவங்க' என்பது ஒருவருக்கான மரியாதையாகவும் இருக்கலாம், பலரையும் குறிக்கலாம், ஆணா பெண்ணா என்றும் சொல்லாது. ஊகித்து எழுதாதீர்கள். டையிங் யூனிட், ஃபார்வர்டர், உங்கள் அலுவலகம் என்று ஆளுக்குப் பதில் பொறுப்பைப் போட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்தது. தமிழில் எழுவாயைச் சொல்லாமலே பேசிவிடலாம். 'திருப்பி அனுப்பிட்டோம்' என்பதில் வினையின் வாலே 'நாங்கள்' என்று சொல்லிவிடுகிறது. இங்கிலீஷில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆள் வேண்டும், அதனால் ஒவ்வொரு வினையையும் 'செய்தது யார்?' என்று கேட்டு நிரப்புங்கள்.

ஒன்று விட்டுப்போனது. முதலாளி 'நம்ம நேவி டீசர்ட்' என்கிறார். தமிழில் 'நம்ம' கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும், 'எங்க' சேர்க்காது. இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். 'நாம பேசி முடிச்சுக்கலாம்' என்று முதலாளி என்னிடம் சொன்னால் அது எங்கள் அலுவலகத்துக்குள்ளா, பையரையும் சேர்த்தா என்று பார்க்காமல் `we` போட்டுவிடக் கூடாது.

'அதெல்லாம் எழுதாத'ன்னு அவரே சொன்னதைத் தவிர வேற எதை விடலாம்?

ஏர் பயத்தை அவரே தள்ளிவிட்டார். மற்றதில் யோசிக்க வேண்டியது அந்த இரண்டு ரோல். எட்டாயிரம் டீசர்ட்டுக்கான துணியில் இரண்டு ரோல் என்பது சின்னப் பகுதி, ஷேடு மாறியிருப்பதை நாமே செக்கிங்கில் பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டோம், பையர் கைக்கு அது போகப்போவதில்லை. மெயிலில் எழுதினால் என்ன ஆகும் என்றால், பையரின் க்வாலிட்டி ஆட்கள் மொத்த நேவிக்கும் ஷேடு அறிக்கை கேட்பார்கள். அதனால் நான் அதை விட்டுவிடும் பக்கம்தான். ஆனால் இது மறைப்பதாக ஆகிவிடக் கூடாது. புதிதாக வரும் ரோல்களும் ஒப்புதல் வாங்கிய ஷேடில் இல்லையென்றால், அல்லது அதனால் தேதி மறுபடியும் தள்ளினால், அன்றே சொல்லியாக வேண்டும். இந்த முடிவு என்னுடையதும் அல்ல. 'ஷேடு ரோல் பத்தி இப்ப எழுதல, சரிங்களாண்ணா?' என்று ஒரு வரி கேட்டு, அவர் 'ம்' என்ற பிறகுதான் விட்டேன்.

சேர்க்கும் விஷயத்தில் இதைவிடக் கண்டிப்பு வேண்டும். அவர் வருத்தம் தெரிவிக்கச் சொல்லவில்லை, ஆனால் தாமதத்துக்கு ஒரு வரி வருத்தம் மெயிலில் இருப்பது முறை, அதைச் சேர்க்கலாம். தள்ளுபடி தருகிறோம், இனி இப்படி நடக்காது என்பது போன்றவற்றை நல்லெண்ணத்தில்கூட நாமாகச் சேர்க்கக் கூடாது. 'கொஞ்சம் பாத்து அனுப்பச் சொல்லு'வில் உள்ள 'கொஞ்சம்' அளவு அல்ல, பணிவு. `please` போட்டால் அந்த வேலை முடிந்தது.

கடைசியில் மெயில் எப்படி வந்தது? முழுசாப் பார்க்கலாமா?

```
Subject: Navy T-shirts delayed to 27 June; please
choose A or B by 12 June

Dear Madam,

The navy T-shirts (8,000 pcs) will leave our factory
on 27 June instead of 18 June. The white (4,000 pcs)
is packed and on schedule.

Please tell us by Thursday, 12 June, which you prefer,
so that we can make the booking:
A. White on 18 June, navy on 27 June
B. Both together on 27 June

The delay was caused by a boiler breakdown at the
dyeing unit. We received the navy fabric only on
9 June. We are sorry for this.

Please also approve the carton sticker we sent on
4 June. We need it by Monday, 16 June; without it
the white cannot leave on 18 June.

Regards,
```

தலைப்பைப் படித்தாலே என்ன ஆயிற்று, என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள் என்பது தெரிந்துவிடும். ஏ, பி என்று பிரித்தது, அவர் போனிலிருந்து ஒரே எழுத்தில் பதில் போட வசதியாக. காரணம் நடுவில் இரண்டே வரி. நோட்டில் பாதி இடத்தை அடைத்திருந்த டையிங் கதை இவ்வளவுதான் ஆயிற்று. உண்மையான மெயிலில் அவர் பெயரும் பிஓ எண்ணும் இருந்தன, இங்கே எடுத்துவிட்டேன்.

என் இங்கிலீஷ் அவ்வளவு நல்லா வராது. பெரிய வார்த்தை போட்டாத்தானே மரியாதையா இருக்கும்?

மேலே உள்ள மெயிலில் பள்ளிக்கூடத்தில் படிக்காத சொல் ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள். ஜெர்மனியில் இருப்பவருக்கும் இங்கிலீஷ் இரண்டாவது மொழிதான். `Kindly do the needful` என்று போட்டால் எதைச் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. `revert` என்பதை நாம் பதில் போடுவதற்குச் சொல்கிறோம், அவர் பழைய நிலைக்குத் திரும்புவது என்று படிக்கக்கூடும். நோட்டில் 'ஒரு டவுட்டு' என்று வந்தால் `question` என்று எழுதுங்கள். `doubt` போட்டால் நாம் அவரை நம்பவில்லை என்று தொனிக்கும்.

அனுப்பறதுக்கு முன்னாடி அவர்கிட்ட காட்டணுமா? இங்கிலீஷ் மெயிலைக் காட்டினா 'சரி சரி அனுப்பு'ங்கறாரு.

இங்கிலீஷைக் காட்டினால் யாருமே அப்படித்தான் சொல்வார்கள். மெயிலைத் தமிழில் திருப்பிச் சொல்லுங்கள், நாற்பது நொடி வாய்ஸ் நோட்டாக. 'அண்ணா, நேவி இருபத்தேழு கம்பெனிய விட்டுக் கிளம்பும்னு எழுதியிருக்கேன். வெள்ளைய தனியா பதினெட்டு அனுப்பலாமா, சேத்தே அனுப்பலாமான்னு வியாழனுக்குள்ள கேட்டிருக்கேன். காரணம் பாய்லர்னு மட்டும் இருக்கு. ஸ்டிக்கர் அப்ரூவல் கேட்டிருக்கேன்.' காது பழகிய மொழியில் கேட்கும்போது தப்பு அவருக்கு உடனே உறுத்தும்.

மேலே உள்ள மெயிலில் ஜூன் 16 என்ற தேதி நோட்டில் எங்கேயும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நான் முதலில் எழுதியதில் ஸ்டிக்கருக்குத் தேதியே இல்லை, கடைசியில் ஒட்டிய சின்ன வேண்டுகோளாகத்தான் இருந்தது. திருப்பிச் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் கூப்பிட்டார். 'தம்பி, ஸ்டிக்கர் ஒட்டாம பெட்டிய எப்படி வெளிய அனுப்புவ? திங்கக்கிழமைக்குள்ள வரலைன்னா வெள்ளையும் நிக்கும். அதையும் எழுது.' அவருக்கு அது சொல்லத் தேவையில்லாத அளவுக்குத் தெரிந்த விஷயம், அதனால்தான் நோட்டில் வரவில்லை. அந்த வரியைச் சேர்த்து, மதியம் ஒரு மணிக்கு முன் அனுப்பினேன். ஹாம்பர்க்கில் அப்போது காலை ஒன்பதரைகூட ஆகியிருக்காது.